வட்டி கூடிய நாணயம் விழுந்தே தீருமா?

2013 செப்டம்பர் 4 அன்று ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கியின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஆகஸ்ட் 28 அன்று, டாலரின் விலை 68.85 ரூபாயைத் தொட்டிருந்தது. அதே டாலர் மே மாதத் தொடக்கத்தில் சுமார் 54 ரூபாய்தான். நான்கே மாதத்தில் இத்தனை பெரிய சரிவு. பெட்ரோல் விலை, தங்கத்தின் விலை, வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கு அனுப்ப வேண்டிய கட்டணம் என எல்லாவற்றிலும் அதன் சூடு தெரிந்தது.

பதவியேற்ற அன்றே ராஜன் ஒரு திட்டத்தை அறிவித்தார். வெளிநாடுவாழ் இந்தியர்களிடமிருந்து வங்கிகள் குறைந்தது 3 ஆண்டுக்கு டாலர் டெபாசிட் திரட்டலாம். எஃப்சிஎன்ஆர் என்று வழக்கில் சொல்லப்படும் கணக்கு இது. திரட்டிய டாலரை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்து ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். 3 ஆண்டு முடிந்ததும் ரிசர்வ் வங்கி அந்த டாலரைத் திருப்பித் தரும். அதற்கு இன்றைய விலையோடு ஆண்டுக்கு 3.5 சதவீதம் மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் போதும். நடுவில் ரூபாய் எவ்வளவு விழுந்தாலும் அது வங்கியின் கவலையோ டெபாசிட் போட்டவரின் கவலையோ இல்லை.

நவம்பர் இறுதியில் சாளரம் மூடப்படுவதற்குள் இந்த வழியில் மட்டும் சுமார் 26 பில்லியன் டாலர் வந்து சேர்ந்தது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்த வசதியான இந்தியர்கள் பலர், கைப்பணத்தைப் போல் பல மடங்கு தொகையை வெளிநாட்டு வங்கிகளிடம் கடனாக வாங்கி இங்கே டெபாசிட் செய்தார்கள். இவ்வளவு ஆர்வத்துக்குக் காரணம் அந்த 3.5 சதவீதம்தான். ஏனெனில் இதே உத்தரவாதத்தை வங்கிகள் வெளிச்சந்தையில் வாங்கியிருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் செலவாகியிருக்கும்.

அந்த 6, 7 சதவீதத்தை யார் நிர்ணயித்தார்கள்? ரூபாய் ஆண்டுதோறும் அவ்வளவு விழும் என்று சந்தையில் யாரோ கணித்துச் சொன்னார்களா? பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த எண்ணில் கணிப்பு எதுவும் இல்லை. அது வெறும் வட்டிக் கணக்கு. நாணயங்களைப் பற்றிய இரண்டு கோட்பாடுகள் பிரியும் இடமும் இதுவே. ஒன்று காப்புள்ள வட்டிச் சமநிலை, மற்றது காப்பில்லாத வட்டிச் சமநிலை. முதலாவது கணக்கு. இரண்டாவது நம்பிக்கை.

கணக்கு

எளிய எண்களோடு பார்க்கலாம். டாலரின் விலை இன்று 62 ரூபாய். அமெரிக்காவில் ஓராண்டு வட்டி 1 சதவீதம், இந்தியாவில் 8 சதவீதம். ஓராண்டு கழித்து வாங்கப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். இதுதான் ஃபார்வர்டு, அதாவது முன்பேர ஒப்பந்தம். பணம் கைமாறுவது ஓராண்டுக்குப் பிறகு, விலை உறுதியாவது இன்று.

இந்த முன்பேர விலை 64 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வங்கியின் டீலர் அமெரிக்காவில் 100 டாலர் கடன் வாங்குகிறார். ஆண்டு முடிவில் 101 டாலர் திருப்பித் தர வேண்டும். வாங்கிய 100 டாலரை 6,200 ரூபாயாக மாற்றி 8 சதவீத வட்டிக்குப் போடுகிறார். ஓராண்டில் அது 6,696 ரூபாயாகும். கூடவே, அந்த 6,696 ரூபாய்க்கு 64 ரூபாய் விலையில் டாலர் வாங்க இன்றே ஒப்பந்தம் போட்டுவிடுகிறார். ஆண்டு முடிவில் 104.62 டாலர் கைக்கு வரும். 101 டாலர் கடனை அடைத்தபின் மிச்சம் 3.62 டாலர். சொந்தப் பணம் ஒரு காசு போடவில்லை, நாணய விலை எப்படிப் போனாலும் இந்த லாபம் மாறாது.

இப்படி ஒரு வாய்ப்பு வெளிப்பட்டால் டீலர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். எல்லோரும் முன்பேரத்தில் டாலர் வாங்க ஓடுவார்கள். அதனால் முன்பேர விலை ஏறும். எதுவரை ஏறும்? லாபம் பூஜ்யமாகும்வரை. 62ஐ 1.08ஆல் பெருக்கி 1.01ஆல் வகுத்தால் வருவது 66.30. அந்த விலையில் 6,696 ரூபாய்க்குச் சரியாக 101 டாலர் கிடைக்கும், கடனும் சரியாக அடையும். முன்பேர விலை இதைத் தாண்டி 68க்குப் போனால் இதே வேலையைத் தலைகீழாகச் செய்து லாபம் பார்ப்பார்கள், விலை மறுபடி 66.30க்கு இறங்கும்.

இதுவே காப்புள்ள வட்டிச் சமநிலை. ஜான் மேனார்டு கெய்ன்ஸ் 1923இல் வெளியிட்ட நூலில், முதல் உலகப் போருக்குப் பிந்தைய முன்பேரச் சந்தையைக் கவனித்து இந்த உறவைத் தெளிவாக எழுதினார். இதில் எதிர்காலம் பற்றிய கருத்து எங்கும் நுழையவில்லை என்பதுதான் முக்கியம். டீலருக்கு ரூபாயின் மேல் நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடன் வட்டி, வைப்பு வட்டி, இன்றைய விலை ஆகிய மூன்று எண்கள் மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும்.

நடைமுறையில் இந்தக் கணக்கு எங்கும் பைசா சுத்தமாக ஒத்துப்போவதில்லை. இந்தியாவுக்குள் பணம் வருவதற்கும் போவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அதனால் ரூபாயின் முன்பேர விலை, வட்டி வித்தியாசம் காட்டும் இடத்திலிருந்து அடிக்கடி விலகி நிற்கும். டாலர், யென், யூரோ போன்ற தடையற்ற நாணயங்களிலோ 2008 நெருக்கடிக்கு முன்புவரை இது அநேகமாகத் துல்லியமாகவே பொருந்தியது. நெருக்கடியின்போது டாலர் கடன் கிடைப்பதே அரிதானதால் கணக்கு உடைந்தது. நெருக்கடி தீர்ந்த பின்னும் அது முழுதாகச் சீராகவில்லை. வென்சின் டு, அலெக்சாண்டர் டெப்பர், அட்ரியன் வெர்டெலான் ஆகிய மூவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தைக் காட்டியது. புதிய விதிகளால் வங்கிகளுக்குத் தங்கள் இருப்புநிலையைப் பெரிதாக்குவதே செலவாகிவிட்டது. ஆபத்தில்லாத லாபம் கண்ணெதிரே இருந்தாலும், அதை எடுக்க இடம் போதவில்லை. காலாண்டு முடிவில் கணக்குகளை ஒழுங்குமுறை அமைப்புகளுக்குக் காட்ட வேண்டிய நாட்களில் இந்த விலகல் பளிச்சென்று கூடுவதையும் அவர்கள் கண்டார்கள். ஆனாலும் இந்த விலகல்கள் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அடுத்து வரும் கோட்பாட்டின் தோல்வியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது.

நம்பிக்கை

அதே 62 ரூபாய், அதே 1 சதவீதம், அதே 8 சதவீதம். இப்போது முன்பேர ஒப்பந்தம் போடாமல் ஒருவர் டாலரை ரூபாயாக மாற்றி இங்கே வைக்கிறார். ஆண்டு முடிவில் டாலர் என்ன விலையோ அந்த விலைக்குத் திரும்ப மாற்றிக்கொள்வார். காப்பு இல்லை.

கோட்பாடு இப்படிப் போகிறது. ரூபாய் வட்டி 7 சதவீதம் அதிகம் என்றால் எல்லோரும் ஏன் ரூபாய்க்கு ஓடவில்லை? அந்த 7 சதவீதம் நாணயச் சரிவில் கரைந்துவிடும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதால்தான். ஆகவே ஓராண்டு கழித்து டாலர் சுமார் 66.30 ஆகும் என்பதே சந்தையின் எதிர்பார்ப்பாக இருக்க வேண்டும். மக்களின் எதிர்பார்ப்பு சராசரியாகச் சரியாக இருக்கும் என்றும் கொண்டால், வட்டி அதிகமுள்ள நாணயம் அந்த வித்தியாசத்தின் அளவுக்கு ஆண்டுதோறும் விழுந்துகொண்டே வர வேண்டும்.

இந்த எண்ணத்தை முதலில் புள்ளிவிவரங்களோடு சோதித்தவர் இர்விங் ஃபிஷர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். ஆண்டு 1896. அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இந்தியாவுடையது. அன்றைய இந்திய அரசின் கடன் பத்திரங்கள் லண்டனில் இரண்டு வகையாக விற்றன. ஒன்று தங்கத்தில் வட்டி தரும், மற்றது ரூபாயில், அதாவது வெள்ளியில் வட்டி தரும். கடன் வாங்கியவர் ஒருவரே, விற்கும் ஊரும் ஒன்றே, நாணயம் மட்டும் வேறு. சோதனைக்கு இதைவிடச் சுத்தமான ஏற்பாடு அமையாது. 1870களின் தொடக்கத்தில் ரூபாயின் மதிப்பு 2 ஷில்லிங்குக்குச் சற்றுக் குறைவு. உலகில் வெள்ளி விலை சரிந்ததால் 1892 வாக்கில் அது சுமார் 1 ஷில்லிங் 3 பென்சுக்கு வந்துவிட்டது. அந்தச் சரிவுக் காலத்தில் ரூபாய்ப் பத்திரம் தங்கப் பத்திரத்தைவிட அதிக வருமானம் தந்ததை ஃபிஷர் கண்டார். கோட்பாட்டின் திசை சரியாக இருந்தது. ஆனால் அந்தக் கூடுதல் வருமானம் உண்மைச் சரிவை முழுதாக ஈடுகட்டவில்லை. முதலீட்டாளர்கள் வரப்போவதை ஓரளவே கண்டிருந்தார்கள்.

நாணயங்கள் 1973இல் சுதந்திரமாக மிதக்கத் தொடங்கிய பிறகு, நிறைய விவரங்களோடு சோதிக்க வழி பிறந்தது. யூஜின் ஃபாமா 1984இல் வெளியிட்ட ஆய்வு பெரிய சலசலப்பை உண்டாக்கியது. சோதனை எளிதானது. வட்டி வித்தியாசம் 1 சதவீதம் இருந்தால் நாணயம் எவ்வளவு விழுந்தது? கோட்பாட்டின்படி விடை 1. வட்டிக்கும் நாணய விலைக்கும் தொடர்பே இல்லையென்றால் விடை 0. ஃபாமாவுக்குக் கிடைத்த விடை பூஜ்யத்துக்கும் கீழே, எதிர்மறை எண்ணாக இருந்தது. அதாவது, வட்டி அதிகமான நாணயம் விழுவதற்குப் பதிலாகச் சற்று ஏறும் போக்கையே காட்டியது. பின்னர் கென்னத் ஃபுரூட் என்பவர் வெளிவந்த 75 மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தார். அவற்றின் சராசரி மைனஸ் 0.88.

காப்புள்ள கணக்கு ஒரு சதவீதத்துக்குள் பொருந்த, காப்பில்லாத கணக்கின் திசையே மாறிப்போயிருந்தது.

ஒரே ரூபாய், இரண்டு கதை

2013இன் ரூபாயை இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்த்தால் விஷயம் இன்னும் துலங்குகிறது.

எஃப்சிஎன்ஆர் பணத்தின் பெரும்பகுதி வந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் டாலர் சுமார் 62 ரூபாய். சந்தையின் முன்பேரக் கணக்கு ஆண்டுக்கு 6.5 சதவீதம் என்று கொண்டால், 3 ஆண்டில் டாலர் 75 ரூபாயாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் 3.5 சதவீதத்தின்படி 68.74. நடந்தது என்ன? 2016இல் இந்த டெபாசிட்டுகள் முதிர்ந்தபோது டாலர் பெரும்பாலும் 67 ரூபாயை ஒட்டியே இருந்தது. அந்த நவம்பர் கடைசியில்தான் 68.8ஐத் தொட்டது. சலுகை விலை என்று எல்லோரும் சொன்ன 3.5 சதவீதத்தைக்கூட ரூபாயின் சரிவு அநேகமாகத் தாண்டவில்லை.

2013 நவம்பரில் காப்பில்லாமல் 62 ரூபாய்க்கு மாற்றி, 8 சதவீத வட்டிக்குப் போட்ட ஒருவர் 3 ஆண்டில் ஒவ்வொரு டாலருக்கும் 78 ரூபாய் வைத்திருப்பார். 67 ரூபாய் விலையில் திரும்ப மாற்றினால் 1.16 டாலர். அமெரிக்க வங்கியில் 1 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் 1.03 டாலர்தான். காப்பு எடுத்திருந்தாலும் ஏறக்குறைய அந்த 1.03தான், ஏனெனில் முன்பேர விலை வட்டி வித்தியாசம் முழுவதையும் விழுங்கிவிடும்.

இனி ஆறு மாதம் முன்னால் போகலாம். இதே ஆள் 2013 மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய்க்கு மாற்றியிருந்தால்? ஆகஸ்ட் இறுதிக்குள் டாலர் கணக்கில் அவர் பணத்தின் மதிப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருக்கும். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு 2016 இலையுதிர்காலம்வரை காத்திருந்தாலும், வட்டியெல்லாம் சேர்த்து ஒவ்வொரு டாலரும் சுமார் 1.05 டாலராகத்தான் ஆகியிருக்கும். ஆண்டுக்கு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. அமெரிக்காவில் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதோடு பெரிய வித்தியாசம் இல்லை. இவர் விஷயத்தில் கோட்பாடு கிட்டத்தட்டப் பலித்துவிட்டது.

இரண்டு பேருக்கும் கிடைத்த வட்டி ஒன்றேதான். நடுவில் நின்றது அந்த மூன்று மாதச் சரிவு மட்டுமே. மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னாங்கி, பத்திரங்கள் வாங்குவதைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் கோடிகாட்டினார். அதிக வட்டி தேடி உலகெங்கும் பரவியிருந்த டாலர்கள் திரும்பத் தொடங்கின. இந்தியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 2012-13இல் ஒட்டுமொத்த உற்பத்தியில் 4.8 சதவீதமாக இருந்தது. வெளிப்பணத்தை நம்பியிருந்த நாடுகளே முதலில் அடிபட்டன. இந்தியா, இந்தோனேசியா, பிரேசில், துருக்கி, தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்துக்கும் அப்போது ‘நொய்ந்த ஐவர்’ என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரே கிடைத்தது.

அதிக வட்டி நாணயங்களின் நடத்தை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. கோட்பாடு சொல்வதுபோல் அவை ஆண்டுதோறும் சீராக இறங்குவதில்லை. பல மாதங்கள், சில நேரம் பல ஆண்டுகள், அசையாமல் நிற்கும் அல்லது மெல்ல ஏறும். பிறகு சில வாரங்களில் பல ஆண்டுக்கான சரிவு ஒரேயடியாக வரும்.

யென் கடனில் ஆஸ்திரேலிய டாலர்

இதன் மிகத் தெளிவான பதிவு ஜப்பானிய யென்னும் ஆஸ்திரேலிய டாலரும் 2002 முதல் 2008 வரை நடந்துகொண்ட விதம். ஜப்பானில் வட்டி ஏறக்குறைய பூஜ்யம். ஆஸ்திரேலியாவின் மத்திய வங்கி வட்டி 2002 தொடக்கத்தில் 4.25 சதவீதம், 2008 மார்ச்சில் 7.25 சதவீதம். யென்னில் கடன் வாங்கி ஆஸ்திரேலிய டாலரில் போடுவது உலகம் முழுவதும் பழக்கமானது. குறைந்த வட்டியில் வாங்கி அதிக வட்டியில் போடும் இந்த வேலைக்குச் சந்தையில் கேரி டிரேடு என்று பெயர். 1998இல் ஜப்பான் அந்நியச் செலாவணிச் சட்டத்தைத் தளர்த்தியிருந்ததால், அங்கே இல்லத்தரசிகளும் அலுவலக ஊழியர்களும்கூட வீட்டுக் கணினியில் இதைச் செய்தார்கள். நாளிதழ்கள் அவர்களுக்கு ‘திருமதி வதனபே’ என்று பொதுப்பெயர் சூட்டின.

கோட்பாட்டின்படி ஆஸ்திரேலிய டாலர் ஆண்டுக்கு 5 சதவீத அளவில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் 2002 தொடக்கத்தில் சுமார் 68 யென்னாக இருந்தது 2007 ஜூலையில் 107 யென்னுக்கு ஏறியது. வட்டியும் கிடைத்தது, விலை உயர்வும் கிடைத்தது.

பிறகு 2008 அக்டோபர் வந்தது. லேமன் பிரதர்ஸ் திவாலான மறு மாதம், ஆஸ்திரேலிய டாலர் 60 யென்னுக்கும் கீழே போனது. 2007 ஜூலையில் 1 கோடி யென் போட்டவர், 15 மாத வட்டியைச் சேர்த்த பிறகும், 60 யென் விலையில் சுமார் 60 லட்சம் யென்தான் திரும்பப் பெறுவார். நூற்றுக்கு நாற்பது போய்விட்டது.

ஆனால் 2002 தொடக்கத்திலேயே 1 கோடி யென் போட்டவரின் கணக்கு வேறு. வட்டியைச் சராசரியாக 5 சதவீதம் என்று குறைத்தே வைத்தாலும், அந்த மோசமான அக்டோபர் விலையில்கூட அவர் கையில் சுமார் 1.22 கோடி யென் இருந்திருக்கும். சரிவின் அடியாழத்திலும் ஏழாண்டு வட்டி அவரைக் காத்தது. ஒரு நிபந்தனை உண்டு, போட்ட பணம் அவருடைய சொந்தப் பணமாக இருந்திருக்க வேண்டும். 1 லட்சம் யென்னை மார்ஜினாகக் கட்டி 5 லட்சம், 10 லட்சத்துக்கு வணிகம் செய்தவர்களின் மார்ஜின், விலை இருபது சதவீதம் இறங்கும் முன்பே தீர்ந்துவிடும். தரகு நிறுவனம் அவர்களைக் கேட்காமலே கணக்கை முடித்துவிடும்.

சரிவு ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. கடனில் ஆஸ்திரேலிய டாலர் வைத்திருப்பவர் வெளியேற வேண்டுமானால் அதை விற்று யென் வாங்க வேண்டும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அதைச் செய்தால் யென் ஏறும். யென் ஏறினால் அடுத்த ஆயிரம் பேரின் மார்ஜின் தீரும். மார்க்கஸ் பிரன்னர்மையர், ஸ்டெஃபான் நாகல், லாஸ்ஸே பெடர்சன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சுழற்சியைப் புள்ளிவிவரங்களில் காட்டியது. வட்டி வித்தியாசம் கூடக்கூட, அந்த நாணயத்தில் திடீர்ச் சரிவுக்கான சாத்தியமும் கூடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

கூடுதல் வட்டி எதற்கான கூலி

கோட்பாடு ஏன் தவறுகிறது என்பதற்கு அறிஞர்கள் சொல்லும் காரணங்களில் மூன்று முக்கியமானவை. அவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

முதலாவது, அச்சத்துக்கான கூலி. காப்பில்லாத சமநிலை ஒரு பெரிய அனுமானத்தின் மேல் நிற்கிறது. முதலீட்டாளர்கள் சராசரி வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள், ஆபத்தைப் பொருட்படுத்த மாட்டார்கள் என்பதே அது. நிஜத்தில் யாரும் அப்படி இல்லை. அதிக வட்டி நாணயம் விழும் நேரம் பங்குச் சந்தை விழும் நேரமாக, கடன் கிடைக்காத நேரமாக, வேலை போகும் நேரமாக இருக்கிறது. 2008 அதற்குச் சாட்சி. இந்த வகையில் கேரி டிரேடு செய்பவர் வெள்ளக் காப்பீடு விற்கும் நிறுவனத்தைப் போன்றவர். வறண்ட ஆண்டுகளில் பிரீமியம் தவறாமல் வரும், வெள்ளம் வந்தால் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நாளின் சுமையை ஏற்கச் சம்மதிப்பதற்கான சம்பளமே கூடுதல் வட்டியின் ஒரு பகுதி. வட்டி வித்தியாசம் 7 சதவீதம் என்றால், அதில் எதிர்பார்க்கும் சரிவு 3 அல்லது 4ஆக இருக்கலாம், மீதி இந்தக் கூலி. கோட்பாடு மொத்தத்தையும் சரிவின் கணக்கில் எழுதிவிடுகிறது.

இரண்டாவது, இன்னும் நடக்காத நிகழ்வு. மெக்சிகோவின் பெசோ 1954 முதல் ஒரு டாலருக்கு 12.5 என்று நிலையாக வைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் 1970களில் பெசோ வட்டி டாலர் வட்டியைவிட அதிகமாகவே இருந்துவந்தது. 1975 வரையிலான விவரங்களை மட்டும் வைத்து ஆராய்ந்த ஒருவர், விழாத நாணயத்துக்குச் சந்தை காரணமில்லாமல் அதிக வட்டி கொடுக்கிறது என்று முடிவு கட்டியிருப்பார். 1976 ஆகஸ்ட் இறுதியில் மெக்சிகோ அந்தப் பிடியை விட்டது, பெசோ சரிந்தது. சந்தை காரணமில்லாமல் அஞ்சவில்லை, அஞ்சிய நாள் அதுவரை வராமல் இருந்தது, அவ்வளவே. பொருளாதார இலக்கியத்தில் இதற்குப் பெசோ சிக்கல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. எந்த ஆய்வும் தான் எடுத்துக்கொண்ட ஆண்டுகளில் நடந்ததை மட்டுமே பார்க்கிறது என்பதால், அதிக வட்டி நாணயத்தின் லாபம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, பணம் வருவதே விலையை ஏற்றுகிறது. ஒரு நாடு வட்டியை உயர்த்தினால் வெளிப்பணம் உள்ளே வருகிறது. அந்த வரவே நாணயத்தை உயர்த்துகிறது. உயர்வைப் பார்த்து இன்னும் பணம் வருகிறது. கோட்பாட்டின்படி இந்தத் தாவல் ஒரே நாளில் நடந்து முடிந்து, மறுநாள் முதல் நாணயம் இறங்கத் தொடங்க வேண்டும். உண்மையில் ஓய்வூதிய நிதிகளும் வங்கிகளும் சிறுமுதலீட்டாளர்களும் தங்கள் முடிவை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மாற்றுகிறார்கள். அதுவரை நாணயம் ஏறிக்கொண்டே போகலாம்.

கோட்பாடு நன்றாகப் பொருந்தும் இடங்களும் இருக்கின்றன. விலைவாசி மிக வேகமாக ஏறும் நாட்டில் அதிக வட்டி என்பது பெரும்பாலும் பணவீக்கத்தின் நிழல். அங்கே நாணயம் விழுந்தே தீர்கிறது. துருக்கியின் லிரா 2018 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 4க்கும் கீழே இருந்து, அந்த ஆகஸ்டிலேயே 7ஐத் தொட்டது. அதேபோல் மாதங்களை விட்டு, ஐந்து, பத்து ஆண்டு நீளத்தில் பார்த்தால் வட்டி வித்தியாசமும் நாணயச் சரிவும் ஒன்றையொன்று நெருங்கி வருவதை மென்சி சின், கை மெரடித் ஆகியோர் 2004இல் காட்டினார்கள். குறுகிய காலத்தில் பொய்க்கும் விதி, நீண்ட காலத்தில் பாதியேனும் உயிர்பெறுகிறது.

இவ்வளவு தெரிந்த பின்னும் சுழற்சி நிற்கவில்லை. 2024 ஜூலையில் டாலர் 160 யென்னைத் தாண்டியிருந்தது. யென்னில் கடன் வாங்கி மெக்சிகோ பெசோவிலும் அமெரிக்கப் பங்குகளிலும் போட்டவர்கள் ஏராளம். ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை வெறும் 0.25 சதவீதத்துக்கு உயர்த்தியது. ஆகஸ்ட் 5 அன்று டாலர் 142 யென்வரை இறங்கியது. டோக்கியோவின் நிக்கேய் குறியீடு அந்த ஒரு நாளில் 12.4 சதவீதம் விழுந்தது.

குடும்பக் கணக்கில்

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் ஊரில் பணம் போடும்போது இதே கேள்வியைத்தான் சந்திக்கிறார். என்ஆர்இ கணக்கில் போட்டால் ரூபாய் வட்டி கிடைக்கும், நாணயச் சரிவு அவர் தலையில். எஃப்சிஎன்ஆர் கணக்கில் போட்டால் வட்டி குறைவு, டாலர் டாலராகவே திரும்ப வரும். ரூபாய் வட்டி 7 சதவீதம், டாலர் வட்டி 4 சதவீதம் என்றால், ரூபாய் ஆண்டுக்கு சுமார் 3 சதவீதத்துக்குமேல் விழுந்தால்தான் என்ஆர்இ நஷ்டம்.

2014 டிசம்பரில் டாலர் சுமார் 63 ரூபாய், 2024 டிசம்பரில் சுமார் 85.6. பத்தாண்டுச் சராசரிச் சரிவு ஆண்டுக்கு 3 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஆனால் எந்த ஆண்டும் சரியாக 3 சதவீதமாக வந்து நிற்கவில்லை. 2018 அக்டோபருக்குள் பத்தே மாதத்தில் டாலர் 64லிருந்து 74க்குப் போனது. 2022இல் 74லிருந்து 83க்குப் போனது. மற்ற சில ஆண்டுகளில் அது அசையவே இல்லை.

ஆகவே சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. பணம் எந்த நாணயத்தில், எந்தத் தேதியில் தேவை என்பதே முதல் கேள்வி. மகளின் கல்லூரிக் கட்டணத்தை அடுத்த ஆண்டு டாலரில் கட்ட வேண்டியவருக்கு 2018 போன்ற ஓர் ஆண்டு குறுக்கிட்டால், மூன்று சதவீதக் கூடுதல் வட்டி எதற்கும் ஈடாகாது. அவருக்கு எஃப்சிஎன்ஆர் பொருத்தம். ஓய்வுக்குப் பின் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ ரூபாயிலேயே செலவழிக்கப்போகிறவருக்கு டாலர் மதிப்பு நடுவில் எவ்வளவு ஆடினாலும் பெரிய பாதிப்பு இல்லை, அவர் ரூபாய் வட்டியை வாங்கிக்கொள்ளலாம். இருவரும் தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு. குறைந்த வட்டி நாணயத்தில் கடன் வாங்கி அதிக வட்டி நாணயத்தில் போடுவது, அதாவது காப்பில்லாத கேரி டிரேடை வீட்டளவில் செய்வது. 2008இலும் 2024இலும் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் கடனில் நின்றவர்கள்தான்.